பூவைப் பார்க்கிறவனிடம் ‘பூ’ என்று சொல்லுங்கள்

கேள்வி: மேடம், எனக்கு 24 வயது. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். தாய்மாமனைக் கட்டியிருக்கிறேன், அதனால் என் அம்மாச்சிதான் எனக்கு மாமியார். பையனுக்கு ஏழு மாதம். வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டிக் கொடுக்கிறேன். அம்மாச்சி பையனைத் தூக்கினால் போதும், ‘என் ராசாஆ, அந்தா பாருஉ, பல்லிஇ’ என்று ராகம் போட்டு இழுத்து இழுத்துப் பேசும். மாமாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை, சனி ஞாயிறு வருவார். ‘இப்படிப் பேசினால் இவனுக்கு மழலையே மாறாது, பெரியவங்ககிட்ட பேசுற மாதிரி நேரா பேசுங்க’ என்று சண்டை போடுகிறார். பழம், வண்டி பெயரெல்லாம் சொல்லும் ஆங்கில வீடியோவைப் போனில் போட்டுக் காட்டச் சொல்கிறார். எனக்கோ பதில் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை, கூச்சமாக இருக்கிறது. யார் சொல்வது சரி? இன்னொன்று, மாமாவோட தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் கடைசியாக எழுதிய வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்வேன். ராகம் போடலாமா கூடாதா என்பதெல்லாம், பையனுக்குக் காது கேட்கிறது என்று தெரிந்த பிறகு பேச வேண்டிய பேச்சு.

முதலில் காது

பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். ‘ஓஏஇ’ என்று காது கேட்கிறதா என்று பார்க்கும் ஒரு பரிசோதனை எழுதியிருந்தால், பக்கத்தில் ‘பாஸ்’ அல்லது ‘ரெஃபர்’ என்று இருக்கும். ரெஃபர் என்றால் காது கேட்காது என்று அர்த்தமில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று அர்த்தம். எதுவுமே எழுதவில்லை என்றால் பரிசோதனை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குடும்பத்தில் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கொழுந்தனாருக்கு இருப்பது பரம்பரையாக வந்த குறையாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம், கர்ப்பத்தில் தாய்க்கு வந்த ஒரு அம்மைக் காய்ச்சல்கூட இப்படிச் செய்யும். பரம்பரை என்றால், அந்த மரபணு உங்கள் அம்மாச்சி, தாத்தா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்திருக்கும். அது மாமாவுக்கும் வந்திருக்கலாம். மாமாவின் அக்காதானே உங்கள் அம்மா? அவர் வழியாக உங்களுக்கும் வந்திருக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் பிள்ளைக்குக் குறை வரும். சேர்ந்திருக்காமலும் போகலாம். யார் மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை, பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

‘தட்டைத் தட்டினேன், திரும்பிப் பார்த்தான்’ என்று எங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். கை அசைவைப் பார்த்தே பிள்ளை திரும்பும். கொஞ்சம் கேட்கிற பிள்ளையும் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பும், ஆனால் பேச்சில் உள்ள ‘ச’வும் ‘ப’வும் அவனுக்குக் கேட்டிருக்காது. காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதம் ‘ங்கா, ஊ’ என்று குரல் கொடுக்கும், சிரிக்கும். அதனாலேயே பல வீடுகளில் ஒன்றரை வயது வரை தெரியாமல் போகிறது.

ஓஏஇ பாஸ் ஆகியிருந்தாலும், குடும்பத்தில் ஒருவருக்குக் குறை இருப்பதால் ‘பெரா’ பரிசோதனையும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். ஒன்பது மாதத்துக்குள் முடிந்தால் நல்லது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய்க் கேளுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வயர் ஒட்டி, தூங்கும் பிள்ளையின் காதில் சத்தம் விட்டுப் பார்ப்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, ஆனால் பிள்ளை தூங்கியாக வேண்டும். காலையில் சீக்கிரமே எழுப்பிவிட்டு, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப்போய், அங்கே போனதும் பால் கொடுங்கள். பஸ்ஸிலேயே நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையோடு வந்து, இன்னொரு நாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம்.

குறை இருந்தால் உடனே காது கருவி. அது போதாத பிள்ளைக்கு ஆறு வயதுக்குள், உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு. சரி, உங்கள் பையனுக்கு நன்றாகவே கேட்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அம்மாச்சியின் ராகம்

இந்தச் சண்டையில் நான் அம்மாச்சி கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் பெரியவர்களிடம் ‘செவுத்துல பல்லி போகுது பாரு’ என்று ஒரே மூச்சில் சொல்வோம். எழுதும்போதுதான் சொல்லுக்குச் சொல் இடைவெளி, பேசும்போது கிடையாது. ஏழு மாதப் பிள்ளைக்கு அது ஒரே நீளச் சத்தம். அதில் ‘பல்லி’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொருளின் பெயர் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும், வினைச்சொல் கடைசியில் வரும். பெயரும் சும்மா வராது, பல்லியை, பல்லிக்கு, பல்லியோட என்று வால் முளைத்துத்தான் வரும்.

இப்போது அம்மாச்சி சொன்னதைப் பாருங்கள். ‘அந்தா பாருஉ...’ என்று கூப்பிட்டுக் கவனத்தை இழுக்கிறார். ஒரு கணம் நிறுத்துகிறார். குரலை உயர்த்தி ‘பல்லிஇ’ என்கிறார். நடுவில் மாட்டிய பெயர் கடைசிக்கு வந்துவிட்டது, வால் உதிர்ந்துவிட்டது, முன்னும் பின்னும் மௌனம், இருக்கிற குரலிலேயே உயரமான குரல் அந்த ஒரு சொல்லுக்கு. பள்ளிக்கூடம் போகாத கிழவி ஒருவர் பிள்ளைக்காக வாக்கியத்தையே திருப்பிப் போடுகிறார், தனக்குத் தெரியாமலேயே! ஏழெட்டு மாதப் பிள்ளைகள் ஓடுகிற பேச்சிலிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பது இப்படிப்பட்ட பேச்சில்தான் எளிதாக நடக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சுவீடன் மூன்று நாட்டுத் தாய்மாரின் பேச்சைப் பதிவுசெய்து 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பிள்ளையிடம் பேசும்போது ஆ, ஈ, ஊ ஆகிய ஒலிகளை அவர்கள் பெரியவர்களிடம் பேசுவதைவிட நன்றாக விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒலிப்பது தெரிந்தது. பேச்சு இழுவையாகத் தெரிந்தாலும், உள்ளே ஒலி தெளிவாகத்தான் இருக்கிறது.

மழலை பற்றிய உங்கள் கணவரின் பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பிள்ளை ‘ரயிலு’க்கு ‘லயிலு’ என்பது, யாரோ அப்படிப் பேசிக் கேட்டதால் இல்லை. ‘ர’வுக்கும் ‘ழ’வுக்கும் நாக்கு மடங்க வருடங்கள் ஆகும். கேட்பதை ராகத்தோடு கேட்டதால் நாக்கு கெடாது. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சரியான சொல்லை ராகத்தோடு சொல்வது ஒன்று, சொல்லையே சிதைத்து ‘லொத்தி வேணுமா’ என்பது வேறு. இரண்டாவது வேண்டாம், ‘ரொட்டிஇ’ என்று இழுங்கள். மம்மு, சோச்சி, உவ்வா மாதிரி வீட்டில் வழிவழியாக வரும் பிள்ளைச் சொற்களை யாரும் விரட்ட வேண்டியதில்லை. ஒரே அசையை இரட்டித்து வரும் பிள்ளைச் சொற்களை நிறையக் கேட்ட ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சொல்வளம் வேகமாகக் கூடியதை எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 2018இல் பார்த்திருக்கிறார்கள். மம்மு பிறகு சோறாகிவிடும்.

இந்த ராகம் ஆயுளுக்கும் தேவையில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். புதிய சொல் ஒன்றை இரண்டு விதமாகவும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில், 21 மாதப் பிள்ளைகள் ராகத்தோடு சொன்னபோதுதான் அதைப் பிடித்தார்கள். 27 மாதம் ஆனவர்கள் நேராகச் சொன்னபோதும் பிடித்தார்கள். பிள்ளை வளர வளர நமக்கே ராகம் குறைந்துவிடும்.

அம்மாச்சிக்கும் ஒரே ஒரு திருத்தம் உண்டு. தமிழில் நெடில் குறில் மாறினால் பொருளே மாறும். ‘பல்’லை இழுத்தால் ‘பால்’ ஆகிவிடும். அதனால் பால், பூ, மாடு, நிலா என்று நெடில் இருக்கும் இடத்தில் தாராளமாக இழுக்கலாம், ‘பல்லிஇ’, ‘ரொட்டிஇ’ என்று சொல்லின் கடைசியில் இழுப்பதிலும் பொருள் கெடாது. பல், கண், கல் போன்றவற்றைக் குறிலாகவே சொல்லி, குரலை மட்டும் உயர்த்தி, சொன்ன பிறகு நிறுத்துங்கள். பல்லைத் தொட்டுக் காட்டி ‘பல்!’, கிண்ணத்தைக் காட்டி ‘பாஆல்’. இரண்டையும் பையன் கேட்டுவிடுவான்.

‘பதில் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு’ என்று உங்களுக்குத் தோன்றும். வாய் திறக்கும் முன்பே காது வேலையை ஆரம்பித்துவிடுகிறது. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்ற இருவர் 1984இல் காட்டியது இது: ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு மாதத்தில் இந்தியில் உள்ள ‘த’வையும் ‘ட’வையும் பிரித்துக் கேட்டார்கள். 10, 12 மாதம் ஆனபோது, வீட்டில் கேட்காத அந்த வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடவில்லை. உங்கள் பையன் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறான். லவும் ளவும் ழவும் வேறு வேறா, ஒன்றா என்று உங்கள் வாயைப் பார்த்து வகை பிரித்துக்கொண்டிருக்கிறான்.

பூக் கட்டும்போது என்ன பேசுவது

கூச்சத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பேச்சு வராததற்குக் காரணம், ‘என்ன சொல்லிக்கொடுப்பது’ என்று நீங்கள் யோசிப்பதுதான். அதை நீங்கள் யோசிக்க வேண்டாம், பையனின் கண் சொல்லும்.

பாயில் அவனை உங்களுக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் உட்கார வையுங்கள், அல்லது தலையணை சாய்த்துக் கொடுங்கள். டிவியை நிறுத்திவிடுங்கள். கட்ட ஆரம்பியுங்கள். ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் அவன் எதைப் பார்க்கிறான் என்று மட்டும் பாருங்கள். கூடையைப் பார்க்கிறான் என்றால் ‘பூஉ’ என்று மெதுவாக, உயரத்தில் ஆரம்பித்துக் கீழே இறக்கிச் சொல்லுங்கள். ஒரு பூவைக் கூடையிலிருந்து எடுத்து உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மறுபடி, ‘பூ!’ அப்புறம் நிறுத்திவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள்.

இந்த ஐந்து எண்ணுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு வராது. இரண்டு எண்ணுவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்குக் கேட்டு, யோசித்து, உடம்பைத் திரட்டிப் பதில் கொடுக்க நம்மைவிட அதிக நேரம் ஆகும். நான்காவது எண்ணில் காலை உதைப்பான், அல்லது ‘ஆ’ என்பான். அதுதான் அவன் பதில். அதற்கு நீங்கள் ‘ஆமா... பூஉ! வாசமா இருக்கா?’ என்று திரும்பச் சொல்லுங்கள். அவன் ‘ஊ’ என்றால் நீங்களும் ‘ஊ’ என்று சொல்லிவிட்டு ‘பூஉ’வுக்கு வாருங்கள். மறுபடி நிறுத்துங்கள். பந்து உங்கள் பக்கம், அவன் பக்கம் என்று நாலைந்து தடவை போய்வரும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், பேசாமல் பூவைக் கட்டுங்கள்.

இதற்கிடையே நாய் குரைக்கிறது, அவன் வாசலைப் பார்க்கிறான். அப்போது பூவை விட்டுவிடுங்கள், ‘நாஆய்’ என்று போங்கள். தாடையைப் பிடித்துத் திருப்பி ‘இங்க பாரு, பூ’ என்று இழுக்காதீர்கள். பிள்ளை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால், நாம் கவனத்தைத் திருப்பிச் சொல்வதைவிட நன்றாகப் பதிகிறது என்று 1986 முதலே தெரியும். காரணம் எளிது. அவன் கண்ணில் நாய், காதில் ‘பூ’ என்றால் அவன் எதோடு எதைச் சேர்ப்பான்?

ஒரு நாளைக்கு நூறு பொருள் வேண்டாம். பூ, நார், கூடை, கை, அம்மாச்சி, இந்த ஐந்தாறு பெயர்கள் தினமும் வந்தால் போதும். ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளே உணவு, உடல் உறுப்பு இவற்றின் பெயர்களில் சிலவற்றைக் கேட்டால் சரியான படத்தைப் பார்க்கிறார்கள் என்று 2012இல் கண்டறிந்தார்கள். அவை தினமும் காதில் விழும் பெயர்கள். குளிக்கும்போது கை, கால், வயிறு. சோறு ஊட்டும்போது சோறு, பருப்பு, தண்ணீர். ‘இது என்ன, சொல்லு’ என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள். சத்தம் போட்டும் பேச வேண்டாம், குரலின் உயரம் வேறு, சத்தம் வேறு. இன்னொன்று: பூவையும் நாரையும் அவன் கையில் கொடுக்காதீர்கள். ஏழு மாதத்தில் கையில் கிடைப்பது நேராக வாய்க்குப் போகும், மொட்டு தொண்டையில் சிக்கும்.

இப்படிப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்கிறதா என்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பார்த்தார்கள். பிள்ளைக்கு 6, 10, 14 மாதமானபோது, வீட்டில் அவர்கள் பேசிய பதிவையே போட்டுக் காட்டி, ராகத்தோடு பேசுவதையும் பிள்ளைக்கு முறை விட்டுக் கேட்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். 18 மாதத்தில் அந்தப் பிள்ளைகள் சராசரியாக நூறு சொல் பேசினார்கள், சொல்லிக்கொடுக்காத வீட்டுப் பிள்ளைகள் அறுபது. 2020இல் வெளியான ஆய்வு இது. சில டஜன் ஆங்கிலக் குடும்பங்கள்தான், அதனால் எண்ணை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பப்புவா நியூ கினியில் கலுலி மக்கள் கைக்குழந்தையிடம் இப்படிக் கொஞ்சிப் பேசுவதில்லை, அவர்கள் பிள்ளைகளும் பேசத்தான் செய்கிறார்கள். ராகம் இல்லாவிட்டால் பிள்ளை ஊமையாகிவிடாது. இத்தனை மாதம் பேசாமல் விட்டேனே என்று நீங்கள் வருந்தவும் வேண்டாம், அம்மாச்சி பேசிக்கொண்டுதான் இருந்தார்.

போன் வீடியோ

வீடியோவில் வருகிறவரும் ராகத்தோடுதான் பேசுவார், பெயர்தான் சொல்வார். ஆனால் அவருக்கு உங்கள் பையன் எதைப் பார்க்கிறான் என்று தெரியாது, அவன் ‘ஆ’ என்றால் திரும்பச் சொல்லவும் மாட்டார். ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீன மொழியை 12 தடவை, தடவைக்கு 25 நிமிடம் கேட்க வைத்த ஓர் ஆய்வு 2003இல் வந்தது. எதிரில் உட்கார்ந்து பேசி விளையாடிய ஆளிடம் கேட்ட பிள்ளைகள் சீன ஒலிகளைப் பிரித்துக் கேட்கக் கற்றார்கள். அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில் என்றபோது ஒன்றும் பதியவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

ஆங்கிலம் பிறகு வரும். உங்களுக்குச் சரளமாக, சிரித்துக்கொண்டே பேச வருகிற மொழியில் பேசுங்கள். அது திருமங்கலத்துத் தமிழ் என்றால் அதுதான்.

எப்போது வந்து காட்ட வேண்டும்

பத்து மாதத்துக்குள் ‘பாபாபா, தாதாதா’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அடுக்கு வரவில்லை என்றால் காதை மறுபடி பார்க்க வேண்டும், பெரா சரியாக இருந்தாலும் சரி. பரம்பரைக் குறை சில பிள்ளைகளுக்குப் பிந்தியும் வரும். (அந்த அடுக்கில் ‘மாமா’ வந்தால் மாமாவைக் கூப்பிடுகிறான் என்று வீட்டில் கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும், அது இன்னும் பெயர் இல்லை.) ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பாமல், விரலை நீட்டி எதையும் காட்டாமல் இருந்தாலோ, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தாலோ, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டுங்கள்.

உங்கள் கணவரிடம் வாதாட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பையனைக் குளிப்பாட்டும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். ஆண்களும் பிள்ளையைக் கையில் வாங்கியதும் குரலை ஏற்றத்தான் செய்வார்கள். ‘தண்ணீஈ’ என்று அவரே இழுக்கும்போது உள்ளே போய்விடாதீர்கள், நிறுத்திவிடுவார்.